முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர். ஆனியில் பிடிக்கிற ஈரம் மார்கழிவரை முழுதாகக் காய்வதில்லை. பாசியைச் சுரண்டுவது எங்களுக்கு ஆண்டுதோறும் வரும் வேலை. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டவற்றை அவரவர் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

போன வருடம்தான் பளிச்சென்று கழுவினோம். இந்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் எப்படி வந்தது?

பாசியின் விதைத்துகள்கள் காற்றிலும் தூசியிலும் மழைத்துளியிலும் எப்போதும் இருக்கின்றன. அவற்றைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அவை எல்லா இடத்திலும் முளைப்பதில்லை. ஈரம் நீண்ட நேரம் நிற்க வேண்டும், வெயில் நேரடியாகச் சுடக்கூடாது, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பும் தூசியும் வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடம் உங்கள் முற்றத்தில் எதுவோ, அதுதான் ஒவ்வோர் ஆண்டும் பச்சையாகிறது. நீங்கள் கழுவியது பாசியை. தேங்கும் ஈரம் அங்கேயேதான் இருக்கிறது.

புதுத் தரையில் முதல் ஓரிரு மழைக்குப் பாசி வராததைப் பலர் கவனித்திருப்பார்கள். புது சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் அதிகம். அந்தக் காரத்தில் பாசி தங்காது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைத் தணித்துவிடும். அதன் பிறகுதான் தரை பாசிக்கு இடம் கொடுக்கத் தொடங்குகிறது. கட்டிய கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று இதற்காக அவர்மேல் பழி போட வேண்டாம்.

ஒரு பக்கம் பச்சை வழவழப்பு, ஒரு பக்கம் கறுப்பு, சுவர் ஓரத்தில் மெத்தை மாதிரி. எல்லாம் பாசிதானா?

தமிழில் எல்லாவற்றையும் பாசி என்கிறோம். ஆனால் அவை மூன்றும் வேறு வேறு, விலக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு.

பச்சை வழவழப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் கூட்டம். இதை அழிப்பது எளிது. கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. மொட்டை மாடியில் கோடைக்காலம் முழுவதும் கரிப்படலம் போலக் காய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். முதல் மழை விழுந்ததும் ஊறி, உயிர்பெற்று, வழுக்கத் தொடங்கும். இதே வகையில் ஒன்று மாடியின் மூலைகளில் கொழகொழவென்று, ஊறவைத்த கடற்பாசித் துண்டு போலத் திரண்டு கிடக்கும். இவை எல்லாமே தம்மைக் காய்ந்துபோகாமல் காத்துக்கொள்ளப் பசை போன்ற ஒரு கூழைச் சுரக்கின்றன. காலை வாருவது அந்தக் கூழ்தான்.

மெத்தை போன்றது உண்மையான செடி. சிறு தண்டும் இலையும் உண்டு. ஆழமாக உறிஞ்சும் வேர் கிடையாது, ஒட்டிக்கொள்ள நூல் போன்ற இழைகள் மட்டும் உண்டு. விரிசலிலும் ஓட்டு இணைப்பிலும் சேர்ந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. அதன் மேல் எதை ஊற்றினாலும் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும், அடியில் இருப்பது தப்பிவிடும். ஆகவே இதற்கு முதல் மருந்து கரணைதான்.

இப்போதே மழை கொட்டுகிறது. வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய மாமியார் இருக்கிறார். இன்றைக்கு என்ன செய்வது?

கொட்டும் மழையில் எந்த மருந்தும் நிற்காது. பவுடரைத் தூவினால் பத்து நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும். இன்றைக்கு நடக்க ஒரு பாதை மட்டும் அமைத்துக்கொடுங்கள்.

பின்வாசலில் இருந்து குழாயடிக்கு, துணி காயப்போடும் இடத்துக்கு, கழிவறைக்கு என்று அவர் நடக்கும் வழி எது என்று பாருங்கள். அந்த வழியில் இரண்டடி அகலத்துக்கு மட்டும் ஈர்க்கு விளக்குமாற்றால் (எங்கள் ஊரில் வாரியல் என்போம்) நன்றாக அழுத்தித் தேய்த்துத் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள். பாசி நனைந்திருக்கும்போது பச்சைக் கூழ் எளிதாகவே வரும். பிறகு பருமணலை மெல்லியதாகத் தூவுங்கள். சலித்த நைசு மணல் வேண்டாம், அது தானே உருண்டு வழுக்கும். கொத்து வேலைக்கு வைத்திருக்கும் பருமணல் அல்லது எம்-சாண்ட் போதும். மழை நின்றபின் கூட்டி அள்ளிவிடலாம்.

சாக்கு விரிப்பது நாம் எல்லோரும் செய்வது. முதல் இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் சாக்குக்கு அடியிலேயே கூழ் படர்ந்து, சாக்கோடு சேர்த்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் அம்மா விழுந்தது சாக்கின்மேல் கால் வைத்துத்தான், வெறுந்தரையில் அல்ல.

இன்னொன்று, தேய்ந்த ரப்பர் செருப்பு. அடிப்பக்கக் கோடுகள் மழுங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு பாசித் தரையில் நடப்பதைவிட வெறுங்காலே மேல்.

பிளீச்சிங் பவுடரைப் பாசி மேல் அப்படியே தூவித் தண்ணீர் தெளித்தால் போதாதா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், அதனால்தான் இரண்டு கிலோ வாங்கியும் போதவில்லை என்கிறார்கள்.

பிளீச்சிங் பவுடரில் வேலை செய்வது குளோரின். குளோரினுக்குப் பாசி எது, சருகு எது, சேறு எது என்று தெரியாது. எதிரில் கிடைக்கும் உயிர்ப்பொருளை எல்லாம் தாக்கித் தன்னைச் செலவழித்துக்கொள்ளும். கனமாகப் படர்ந்த பாசியின்மேல் தூவினால் மேல்தோலை வெளுப்பதிலேயே வலு முழுதும் தீர்ந்துவிடும். அடியில் தரையை ஒட்டியிருக்கும் படலம் அப்படியே இருக்கும். நான்கு நாளில் அதிலிருந்து மீண்டும் பச்சை கிளம்பும்.

தூளாகத் தூவுவதில் இன்னொரு குறை, பவுடரில் சுண்ணாம்பும் நிறைய இருக்கிறது. அது தரையில் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் பறக்கும் தூள் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

எனவே சுரண்டுவது முதலில், பிளீச்சிங் பிறகு. இந்த வரிசையை மாற்றாமல் செய்தாலே பவுடர் பாதி மிச்சமாகும்.

சரி, எங்கள் பின்முற்றம் 12 அடிக்கு 15 அடி, சிமெண்ட் தரை. அளவோடு, நேரத்தோடு முழுவதும் சொல்லுங்கள்.

எங்கள் பின்முற்றமும் இதே 180 சதுர அடிதான். சமையலறைச் சுவரின் வடக்குப் பக்கம், மேலே மாமரக் கிளை, மூலையில் தண்ணீர்த் தொட்டி. சென்ற கார்த்திகையில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்தேன். மேகமூட்டம் இருக்க வேண்டும், ஆனால் மூன்று நான்கு மணி நேரமாவது மழை வரக்கூடாது. உச்சி வெயில் உதவாது, மருந்து வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன்.

பவுடரைத்தான் முதலில் கரைத்து வைக்க வேண்டும், தெளிய நேரம் பிடிக்கும் என்பதால். இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் 300 கிராம் பிளீச்சிங் பவுடர். முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு வாளியில் ஊற்றி, ஒரு குச்சியால் கலக்கினேன். இரும்பு வாளியும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது, அரித்துவிடும். கையில் ரப்பர் உறை, மூக்கை மூடத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. இப்படிக் கரைத்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் குளோரின் நீர் கிடைக்கும், பவுடர் புதிதாக இருந்தால். வாளிகளை நிழலில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்து சுரண்டல். சுவர் ஓர மெத்தைகளைக் கரணையால் படுக்கை வசத்தில் வழித்தேன். சற்று உலர்ந்திருந்தால் அவை தோசை போலப் பெயர்ந்து வரும், நன்றாக நனைந்திருந்தால் பிய்ந்து பிய்ந்து வரும். நடுத்தரையில் இருந்த பச்சைப் படலத்தை, தண்ணீர் தெளித்து, பழைய தேங்காய் மட்டையால் தேய்த்தேன். கம்பி பிரஷை விரிசல்களுக்கு மட்டும் பயன்படுத்தினேன். தரை முழுவதும் கம்பி பிரஷால் தேய்த்தால் சிமெண்ட் கீறி, அடுத்த பாசிக்கு நாமே உழுது கொடுத்தது போலாகும். கால் வாளிப் பாசி இருக்கும் என்று நினைத்தேன், முக்கால் வாளி வந்தது. இந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்.

சுரண்டியதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சாக்கடைப் பக்கம் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். நான் வாழை மூட்டில் கொட்டினேன், பிளீச்சிங் படாத பாசி நல்ல உரம்தான். பிறகு தரையைக் கழுவி, தேங்கிய தண்ணீரை வழித்துவிட்டேன். தரை ஈரமாக இருக்கலாம், தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் மருந்து நீர்த்துப்போகும்.

இதற்குள் வாளிகளில் சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தெளிவான நீர் நின்றது. அதை மட்டும் குவளையால் மொண்டு, சுவர் ஓரத்தில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி ஊற்றி, விளக்குமாற்றால் பரப்பினேன். நூறு சதுர அடிக்குப் பத்து லிட்டர் என்ற கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்தது. அடியில் தங்கிய சுண்ணாம்புக் கூழை வீணாக்கவில்லை, மெத்தைப்பாசி இருந்த விரிசல்களில் பழைய பல் துலக்கும் பிரஷால் அப்பிவிட்டேன்.

இருபது நிமிடம் ஊற வேண்டும். இடையில் காயும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தெளிக்க வேண்டும். பச்சை வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்தால் செத்தது என்று பொருள். ஆனால் செத்த பாசியும் வழுக்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே இன்னொரு முறை விளக்குமாற்றால் நன்றாகத் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். குளோரின் உப்பு தரையில் தங்கினால் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பிக்குக் கேடு, ஆகவே கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. பதினொரு மணிக்கு முடிந்தது.

முடிவையும் சொல்ல வேண்டும். முற்றத்தின் பெரும்பகுதி பொங்கல்வரை சுத்தமாக இருந்தது. தொட்டி மூலை மட்டும் மூன்று வாரத்தில் பச்சையாகிவிட்டது. அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இதே அளவில்தான் போட்டேன். இருபது நிமிடம் ஆகியும் பச்சை போகவில்லையே?

பவுடர் செத்திருக்கும். திறந்து வைத்த பொட்டலம் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே வலுவிழந்துவிடும். கட்டி கட்டியாக, பிசுபிசுப்பாக, மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு. கரைத்த நீரில் ஒரு கரண்டி எடுத்துப் பச்சைத் திட்டில் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிறம் மங்காவிட்டால் புதுப் பொட்டலம் வாங்குங்கள். பழையதை இரட்டிப்பாகப் போட்டுச் சமாளிக்க நினைத்தால் தரை முழுதும் வெள்ளை பூத்துப்போகும்.

கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். ஊற்றியதும் நுரைத்து வெள்ளையாகிவிடுகிறது. அது நல்லதுதானே?

அந்த நுரையைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். நுரைப்பது பாசி அல்ல, உங்கள் தரை. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை ஆசிட் கரைக்கும்போது கரியமில வாயு குமிழியாக வெளிவருகிறது. மேல்தோல் போவதால் அதனோடு பாசியும் போகிறது. தோலை உரித்துவிட்டு அழுக்குப் போய்விட்டது என்று சொல்வது போலத்தான்.

மேல்தோல் போனதும் அடியில் இருக்கும் மணல் வெளியே தெரியும். கையால் தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். அடுத்த மழைக்கு அந்தக் குழிகளில் பாசி முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நான்கு ஆண்டு தொடர்ந்து ஆசிட் ஊற்றினார்கள். இப்போது அந்த முற்றம் பெருமழையில் மணலாகக் கரைகிறது. கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், மொசைக்கில் பளிங்குச் சில்லு இருக்கிறது, இரண்டையும் ஆசிட் தின்றுவிடும். கருங்கல் தாங்கும், ஆனால் அதன் இணைப்புகளில் இருக்கும் சிமெண்ட் தாங்காது. ஆசிட் புகையால் சன்னல் கம்பி துருப்பிடிப்பதும் உண்டு.

முதலில் பிளீச்சிங் போட்டு, போகாத இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆசிட் விடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு பீறிட்டு வரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நான்கு பக்கமும் சுவர் அடைத்த முற்றத்தில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே நிற்கும். நுரையீரலைப் புண்ணாக்கும், அளவு மிஞ்சினால் உயிரையும் எடுக்கும். கழிவறை கழுவும் திரவங்களில் பலவற்றில் இருப்பதும் ஆசிட்தான், பெயர் வேறு என்பதால் நம்பிவிடக்கூடாது. வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதே வகை. யூரியா, அம்மோனியா கலந்த கழுவுதிரவம், சிறுநீர் ஆகியவற்றோடு சேர்ந்தாலும் வேறு நச்சு வாயுக்கள் வரும். நாய் படுக்கும் மூலை என்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

யாராவது தவறிக் கலந்து தொண்டை எரிந்து இருமினால், வாளியைக் காப்பாற்ற நிற்க வேண்டாம். உடனே காற்றோட்டமான, சற்று மேடான இடத்துக்குப் போங்கள். மூச்சுத் திணறல் நீடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

மொட்டை மாடியில் தட்டு ஓடு பதித்திருக்கிறோம். அதற்கும் இதே முறைதானா?

முறை அதேதான், கவனிக்க வேண்டியது ஓட்டு இணைப்பு. தட்டோட்டின் முகம் ஓரளவு வழவழப்பு, இடையில் இருக்கும் சிமெண்ட் இணைப்புதான் நீரை உறிஞ்சுகிறது. மெத்தைப்பாசி அங்கே பிடித்தால் அந்த இணைப்பில் மண்ணும் விரிசலும் இருக்கிறது என்று பொருள். பாசியைச் சுரண்டியதும் இணைப்பு திறந்துவிடும். அப்படியே விட்டால் மழைநீர் அடியில் இறங்கி, கூரையின் உட்புறத்தில் ஈரத் திட்டாக வெளிப்படும். எனவே மாடியைச் சுத்தம் செய்யும்போதே எந்த இணைப்புகள் உதிர்ந்தன என்று சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து தரை நன்றாக உலர்ந்தபின் கொத்தனாரைக் கூப்பிட்டு அவற்றை அடைக்க வேண்டும். ஈரத்தோடு எதைப் பூசினாலும் நிற்காது.

அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். உறுதியான கருங்கல் தரைக்குச் சரி. தட்டோட்டு மாடிக்கு வேண்டாம், அது இணைப்புக்குள் நீரைத் திணிக்கும், ஓட்டையே கிளப்பிவிடும். நீர்க்காப்புப் பூச்சு அடித்த மாடியில் அந்த இயந்திரமும் வேண்டாம், கம்பி பிரஷும் வேண்டாம். நைலான் பிரஷால் தேய்த்து, பாதி அளவு பவுடர் கரைத்த நீர் விட்டால் போதும்.

மாடியில் வேலை செய்யும்போது கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொடங்கி மாடிப்படியை நோக்கி வாருங்கள். கழுவியது படிக்கட்டு வழியாக வழிந்தால் படியிலும் வழுக்கும்.

மாடித் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. முற்றத்தில் கிணறும் இருக்கிறது. என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு பெரும்பாலான மாடிக் குழாய்கள் தொட்டிக்கோ, உறைகிணற்றுக்கோ, கிணற்றுக்கோதான் போகின்றன. வேலை தொடங்கும் முன் அந்தக் குழாயைக் கழற்றித் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் துணிப்பந்து வைத்து அடைத்து, நீரை வேறு வழியில் வெளியேற்றுங்கள். அடுத்த நல்ல மழையின் முதல் கால் மணி நேர நீரையும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு இணையுங்கள்.

கிணற்றைச் சுத்திகரிக்க நாம் போடும் அளவு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர்தான். ஒரு வாளியில் கரைத்த 300 கிராம் என்பது 1,20,000 லிட்டருக்கான மருந்து. வீட்டுக் கிணற்றில் அவ்வளவு நீர் இருக்காது. ஒரு குவளை தெறித்தால் பாதகமில்லை, வாளியோடு போனால் இறைத்துத்தான் ஆக வேண்டும். மீன் தொட்டிக்கும் துளசி மாடத்துக்கும் ஒரு துளிகூட ஆகாது. தொட்டிச் செடிகளை அப்புறப்படுத்துங்கள், நகர்த்த முடியாதவற்றின் அடியைச் சுற்றி மண்ணை வெறும் தண்ணீரால் முன்கூட்டியே நனைத்து வையுங்கள். நனைந்த மண் தெறிப்பைக் குறைவாகவே உறிஞ்சும்.

பிளீச்சிங் இல்லாமல் உப்பு, சலவைச் சோடா, மயில்துத்தம் இப்படி ஏதாவது?

உப்பு பாசியை வாட்டும், உண்மை. கூடவே சிமெண்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், காய்ந்தபின் வெள்ளை பூக்கும். மாடியில் வேண்டவே வேண்டாம்.

சலவைச் சோடா நல்ல துணை. வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தால் கூழ் எளிதில் விடும், கொல்லும் திறன் குறைவு. குழந்தைகள் தவழும் இடம், செடி நெருக்கமான இடம் என்றால் நானும் சோடாவும் மட்டையும் மட்டும்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மயில்துத்தம் பாசியை நன்றாகவே கொல்லும். ஆனால் தாமிரம் மண்ணில் தங்கும், மீனுக்கு நஞ்சு, தரையில் நீலப்பச்சைக் கறை பிடிக்கும். பச்சையைப் போக்கிப் பச்சையையே வாங்குவானேன்?

கழுவியபின் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வராதா?

தரையைவிடச் சுற்றுச்சுவருக்கு இது பொருத்தம். சுண்ணாம்பின் காரத்தால் ஒரு மழைக்காலத்துக்குப் பாசி பிடிக்காது. தரையில் அடித்தால் காலில் ஒட்டி வீடெல்லாம் வெள்ளைத் தடம் பதியும், இரண்டு மழையில் கரைந்தும் போகும். மொட்டை மாடியில் யாரும் அதிகம் நடமாட மாட்டார்கள் என்றால், கோடையில் சுண்ணாம்பு அடிப்பதால் வெப்பமும் குறையும், அந்த ஆண்டு மழையின் தொடக்கத்தில் பாசியும் தாமதமாகும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

திரும்பத் திரும்ப ஒரே மூலையில் வருகிறது என்றீர்களே, அதற்கு என்ன செய்தீர்கள்?

மழை விட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு சாக்பீசோடு முற்றத்துக்குப் போனேன். எங்கெல்லாம் இன்னும் தண்ணீர் நிற்கிறதோ அதைச் சுற்றி வட்டம் போட்டேன். இரண்டு வட்டங்கள் கிடைத்தன. இரண்டும் பாசி வந்த இடங்களோடு அச்சாகப் பொருந்தின.

ஒன்று தொட்டி மூலை. மழையே இல்லாத நாளிலும் அங்கே ஈரம் இருந்தது. தொட்டி நிரம்பி வழியும் குழாய் தரைக்கு இரண்டடி மேலே முடிந்து, மோட்டார் போடும் ஒவ்வொரு நாளும் அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. மழைநீர்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம், குற்றவாளி எங்கள் தொட்டி. குழாயை நீட்டி நேரே வடிகாலில் விட்டோம். பல வீடுகளில் ஏசியின் சொட்டுக்குழாய் இதே வேலையைச் செய்கிறது, அதையும் பாருங்கள்.

இன்னொன்று நடு முற்றத்தில் ஒரு பள்ளம், விரல் கணு ஆழம்கூட இருக்காது. "மேலே கொஞ்சம் சிமெண்ட் தடவிவிடலாமா?" என்று கேட்டேன். "தடவினால் ஆறு மாதத்தில் அப்பளமாகப் பெயரும் தம்பி" என்றார் கொத்தனார். பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, சிமெண்ட் பால் தடவி, அதன்மேல்தான் கலவை போட்டார். வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்தார். மேற்பரப்பைக் கரணையால் வழவழப்பாகத் தேய்க்காமல், ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் சரிவின் போக்கில் கோடு இழுக்கச் சொன்னேன். கோடு குறுக்கே போனால் ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் நிற்கும், சரிவோடு போனால் வடியும், காலுக்கும் பிடிப்பு கிடைக்கும்.

மாமரக் கிளையில் ஒன்றைக் கழித்தோம். முழுவதும் வெட்ட அம்மா விடவில்லை. முற்றத்தில் பத்து மணி வெயில் இப்போது ஒரு மணி நேரம் விழுகிறது.

அப்படியானால் இனி எத்தனை முறை கழுவ வேண்டும்?

பிளீச்சிங் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். எங்கள் பக்கம் ஒன்று ஆடியில், ஒன்று ஐப்பசி மழை தொடங்கிச் சில நாட்களில். சென்னை, தஞ்சாவூர்ப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது, ஐப்பசியில் ஒருமுறை போட்டால் சமாளிக்கலாம். இடையில் வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்ட கையோடு சருகைக் கூட்டி, தேங்கிய நீரை வாசல்வரை தள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை யாரும் என்னிடம் விடுவதில்லை. விழுந்து எழுந்த அம்மா, மழை தூறல் விட்டதும் தானே வாரியலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிடுகிறார். செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி நான் பின்னால் போகிறேன்.